'முன்பே' என்று எழுதாத விடைக்கு இரண்டு மதிப்பெண் வெட்டலாமா?

கோட்டை வாத்தியார் (போன வாரம் எழுதியது): "தாக்கும் திறனுள்ள பூஞ்சை வித்துகள் கென்ட்ஸ் காப்பிச் செடி நடுவதற்கு முன்பே இருந்தன என்று மாணவர் எழுதவில்லை என்றால், பரிணாமம் அவருக்குப் புரியவில்லை என்று பொருள். ஐந்துக்கு மூன்றுக்கு மேல் தரக் கூடாது."

மலைப்பள்ளி டீச்சர்: இந்த விதியால் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி இதுதான்: கென்ட்ஸ் ரகக் காப்பியை முதலில் இலைத்துருப் பூஞ்சை தாக்கவில்லை, சில ஆண்டுகள் கழித்துத் தாக்கியது, ஏன்?

ஒரு மாணவி எழுதினாள்: "பூஞ்சையின் கோடிக்கணக்கான வித்துகளில் ஒன்றிரண்டில் மரபணு வேறாக இருந்தது. கென்ட்ஸ் இலையில் அவை மட்டும் வளர்ந்தன, மற்றவை அழிந்தன. தலைமுறை தலைமுறையாக அவை பெருகித் தோட்டம் முழுக்கப் பரவின."

ஒரு மாணவன் எழுதினான்: "முன்பே இருந்த வித்துகள் கென்ட்ஸ் இலையில் மெல்ல மெல்லப் பழகித் தாக்கும் திறனைப் பெற்றன. அதைத் தம் சந்ததிக்குக் கொடுத்தன."

மறுமதிப்பீட்டில் முதல் விடைக்கு மூன்று, இரண்டாவதற்கு நான்கு. 'முன்பே' இருக்கிறதாம்! இரண்டாவது விடையில் ஒரு தனி வித்து தன் வாழ்நாளில் பழகி மாறுகிறது. நாம் ஒழிக்க நினைக்கும் தவறான கருத்தே அதுதானே. அதற்கா கூடுதல் மதிப்பெண்?

கோட்டை வாத்தியார்: இரண்டாவது விடைக்கு நான்கு போட்டது நான் இல்லை, அதை என் தலையில் கட்ட வேண்டாம். முதல் விடைக்கு வாருங்கள். "மரபணு வேறாக இருந்தது" என்றால் எப்போது இருந்தது? கென்ட்ஸைப் பார்த்த பிறகா, முன்பா? அந்த இடத்தை அவள் தாண்டிப் போய்விட்டாள். லூரியாவும் டெல்பிரூக்கும் 1943-ல் இதைத்தான் பாக்டீரியாவில் காட்டினார்கள். வைரஸைப் பார்ப்பதற்கு முன்பே எதிர்ப்புள்ளவை அங்கே இருந்தன. எண்பது வருடமாக முடிந்துபோன விஷயம். 'முன்பே' இல்லை என்றால் மூன்றுதான்.

அஸ்தம்பட்டி ராஜா: எனக்கு ஒரு சந்தேகம் சார். நான் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேலைக்குப் போன புதிதில் டிசம்பரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். இப்போது சாயங்காலம் வெறும் சட்டையோடு ஏரிப் பக்கம் நடக்கிறேன். உடம்பு பழகத்தானே செய்கிறது? அப்படியிருக்க 'பழகி' என்று எழுதியதை ஏன் தப்பு என்கிறீர்கள்?

மலைப்பள்ளி டீச்சர்: பழகுவது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அது சட்டை போட்டு நடக்கும் பழக்கத்தோடு பிறக்காது. உங்கள் உடம்பு பழகியது, உங்கள் மரபணு அப்படியேதான் இருக்கிறது. கேள்வி ஒரு வித்து என்ன ஆனது என்பதல்ல. தோட்டத்தில் உள்ள எல்லா வித்துகளிலும் எந்த வகை எத்தனை பங்கு என்பது வருடா வருடம் எப்படி மாறியது என்பதுதான்.

நாகலூர் தோட்டம்: எல்லோரும் பூஞ்சையைப் பற்றியே பேசுகிறீர்கள். செடியைப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் தாத்தா காலத்தில் கென்ட்ஸ் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சுத்தமாக இருக்குமாம். அப்பா காலத்தில் ஆரஞ்சுப் பொடி. செடிக்கு வயதாகி வீரியம் போய்விட்டது, அவ்வளவுதான். பிறகு எஸ்.795 ரகம் வைத்தோம். இப்போது அதுவும் துரு பிடிக்கிறது. புத்தகத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள்.

இலைப்புள்ளி: அண்ணே, வீரியம் போனதா என்பதைத் தோட்டத்திலேயே சோதித்துவிடலாம். கென்ட்ஸ் விதையில் வளர்ந்த இளங்கன்றை உங்கள் பழைய செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். வயதுதான் காரணம் என்றால் கன்று தப்ப வேண்டும். தப்பாது, அதற்கும் துரு வரும். செடியில் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, அந்த எதிர்ப்பைத் தாண்டக்கூடிய பூஞ்சை பெருகிவிட்டது. 1930-களிலேயே பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்பவர், ஒரே துருவுக்குள் பல இனங்கள் இருப்பதையும், ஒரு இனம் தொடாத ரகத்தை இன்னொரு இனம் தாக்குவதையும் பிரித்துக் காட்டினார்.

இப்போது 'பழகி' என்பதற்கு வருகிறேன். கென்ட்ஸ் இலையில் சாதாரண வித்து விழுந்தால் நடப்பது இது. ஈரம் இருந்தால் முளைக்கிறது, இலையின் அடிப்பக்கத் துளை வழியாக உள்ளே நுழைகிறது. அது தொட்ட இடத்தில் செடியின் செல்கள் தாமே செத்துவிடுகின்றன. இந்தப் பூஞ்சை உயிருள்ள செல்லில்தான் உணவு எடுக்கும். எனவே அதுவும் அங்கேயே முடிந்துவிடுகிறது, மிஞ்சினால் ஒரு வெளிறிய புள்ளி. பழகிக்கொள்ள அதற்கு நேரமே கிடையாது. தோற்ற வித்துக்குச் சந்ததியே இல்லை, பிறகு எதைக் கொடுக்கும்? மாணவனின் விடை விழுவது இந்த இடத்தில்தான். 'முன்பே' எழுதியிருந்தாலும் விழும்.

கோட்டை வாத்தியார்: அருமை. நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். சாதாரண வித்து செத்துவிடும் என்றால், வென்ற வித்து முன்பே வேறாக இருந்திருக்க வேண்டும். முன்பே!

இலைப்புள்ளி: எதற்கு முன்பே சார்? வென்ற அந்த வித்து, கென்ட்ஸ் இலையைத் தொடுவதற்கு முன் வேறாக இருந்தது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விதி "கென்ட்ஸ் நடுவதற்கு முன்பே" என்கிறது. அது அவசியமில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் பாதி பழைய ரகம், பாதி கென்ட்ஸ். நட்ட வருடம், தாக்கும் திறனுள்ள வித்து மலையில் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய ரகத்தில் துரு வழக்கம்போலத் தொடர்கிறது, மழைக்காலத்தில் எண்ணி முடியாத அளவு வித்துகள். நாலாவது வருடம் அந்தப் பழைய செடி ஒன்றில் வித்து உருவாகும்போது மரபணுவில் ஒரு பிழை நேர்கிறது. கென்ட்ஸுக்கும் அந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. பழைய செடியில் அதனால் லாபமும் இல்லை. காற்றில் பறந்து தற்செயலாகக் கென்ட்ஸ் இலையில் விழுகிறது. கூட விழுந்த லட்சம் வித்துகள் முடிந்துபோகின்றன, இது மட்டும் புள்ளி வைக்கிறது. சில வாரத்தில் அந்தப் புள்ளியிலிருந்து வெளிவரும் வித்துகள் ஏறக்குறைய எல்லாம் அதன் நகல்கள், போட்டி இல்லாத புதுத் தோட்டம் முழுக்க அவற்றுக்கு.

மாற்றம் நட்ட பிறகுதான் வந்தது. ஆனாலும் இது சுத்தமான இயற்கைத் தேர்வு. கேட்க வேண்டியது 'எப்போது' என்பதல்ல, தேவைக்காக வந்ததா, தேவையைப் பாராமல் வந்ததா என்பதுதான். லூரியா, டெல்பிரூக் காட்டியதும் அதுவே. தனித்தனிக் குழாய்களில் வளர்த்துப் பிறகு வைரஸை விட்டபோது, எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குழாய்க்குக் குழாய் தாறுமாறாக வேறுபட்டது. ஏனென்றால் ஒரு குழாயில் மாற்றம் சீக்கிரமே நேர்ந்து பெருகியிருந்தது, இன்னொன்றில் கடைசி நேரத்தில் நேர்ந்தது. வைரஸ் தூண்டித்தான் மாற்றம் வந்தது என்றால் எண்ணிக்கைகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்திருக்கும்.

கோட்டை வாத்தியார்: ஆராய்ச்சி மாணவருக்கு இதெல்லாம் சரி. பன்னிரண்டாம் வகுப்பில் "பிறகும் வரலாம்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அடுத்த தேர்வில் பாதிப் பேர் "கென்ட்ஸ் வந்ததால் மாறியது" என்று எழுதுவார்கள். நான் திருத்திய தாள்களில் பார்த்திருக்கிறேன். 'முன்பே' என்பது வேலி. வேலியை எடுத்தால் ஆடு மேயும்.

மலைப்பள்ளி டீச்சர்: உங்கள் வேலி அந்த மாணவனை உள்ளே விட்டு மாணவியை வெளியே நிறுத்தியதே சார்! நான் இப்போது வேறு வழி வைத்திருக்கிறேன். விடை சந்தேகமாக இருந்தால் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "கென்ட்ஸே நடாத ஒரு மலையில், கென்ட்ஸைத் தாக்கக்கூடிய வித்து இருக்க முடியுமா?" அந்த மாணவி, "இருக்கலாம், ஆனால் அங்கே அதற்குத் தனி லாபம் இல்லை, அரிதாகவே இருக்கும்" என்றாள். மாணவன், "இருக்காது மிஸ், அங்கே அதற்குத் தேவையில்லையே" என்றான். யார் புரிந்துகொண்டார், யார் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கோட்டை வாத்தியார்: பொதுத்தேர்வில் ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டுக் கேட்பீர்களா? தாளில் இருப்பதைத்தான் திருத்த முடியும். போன வருடம் ஒட்டகச்சிவிங்கி கேள்விக்கும் இதே டீச்சர்தான், "கழுத்தை நீட்டி நீட்டி வளர்ந்தது" என்று எழுதியவனுக்குப் பாதி மதிப்பெண் கேட்டுச் சண்டை போட்டார். மறக்கவில்லை.

மலைப்பள்ளி டீச்சர்: பொய். "நீண்ட கழுத்துள்ளவை அதிகம் பிழைத்தன" என்று அடுத்த வரியிலேயே அவன் எழுதியிருந்தான். அந்த வரிக்குத்தான் கேட்டேன். நீங்கள் முதல் வரியோடு பேனாவை மூடிவிட்டீர்கள்.

அஸ்தம்பட்டி ராஜா: அப்போ வலிமையான வித்துதான் பிழைக்கிறது, இல்லையா? வலியது வெல்லும் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா?

இலைப்புள்ளி: முழுதாகக் கிடைக்காது தம்பி. பொதுவான வலிமை என்று எதுவும் இங்கே இல்லை. கென்ட்ஸ் இலையில் வெல்லும் வித்து, பழைய ரக இலையில் மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தங்கவும் கூடும். எந்த இலையில் என்பதைச் சொல்லாமல் 'வலிமை' என்று எழுதினால் பாதிதான்.

நாகலூர் தோட்டம்: மதிப்பெண் இருக்கட்டும். நான் மழைக்கு முன் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, இருநூறு லிட்டர் தண்ணீர் கலந்து அடிக்கிறேன். அப்பாவும் இதையே அடித்தார். இந்தப் போர்டோ கலவைக்கு மட்டும் பூஞ்சை இத்தனை வருடமாக ஏன் தப்பவில்லை? அதற்கு ஒரு தாள் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள்.

இலைப்புள்ளி: நல்ல கேள்வி அண்ணே. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் வித்தின் செல்லில் ஒரே இடத்தை அடிப்பதில்லை, பல புரதங்களை ஒருசேரக் கெடுக்கிறது. ஒற்றை மரபணுப் பிழையால் தப்புவது கடினம். கென்ட்ஸின் எதிர்ப்பு ஒற்றைப் பூட்டு மாதிரி, ஒரு சாவி மாறினால் திறந்துவிடும்.

நாகலூர் தோட்டம்: அப்படியென்றால் எஸ்.795? அதன் ஒரு பெற்றோர் கென்ட்ஸ், கூட இன்னொரு பூட்டும் போட்டுத்தானே கொடுத்தார்கள். அதையும் திறந்துவிட்டதே. செடிக்குத்தான் வீரியம் போயிருக்கிறது என்று இப்போதும் சொல்கிறேன்.

கோட்டை வாத்தியார்: இரண்டு பூட்டானாலும் சாவி முன்பே இருந்தது. அதைத்தான் மாணவர் எழுத வேண்டும். மூன்று மதிப்பெண், மாற்றமில்லை.

மலைப்பள்ளி டீச்சர்: அந்த மாணவியின் தாளை நாளை மறுபடியும் அனுப்புகிறேன். ஐந்து போடும் வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பேன்.