ஸ்ட்ரைக் வந்த சேனல்: பழைய வீடியோக்களை என்ன செய்வது?

யூடியூபில் போன் ரிப்பேர் சேனல் நடத்துகிறேன். வீங்கிப்போன பேட்டரியைக் கழற்றும் வீடியோவுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் எச்சரிக்கை வந்தது, காரணம் ஆபத்தான செயல்கள் விதி. உடனே பாலிசி பயிற்சியை முடித்தேன். 90 நாளில் அதே விதியை மீறாவிட்டால் எச்சரிக்கை நீங்கிவிடும் என்றார்கள். மே கடைசியில், எச்சரிக்கைக்கு முன்பே ஏற்றியிருந்த இன்னொரு பேட்டரி வீடியோவுக்கு அதே விதியின் கீழ் முதல் ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது.

ஒரு வாரம் எதையும் ஏற்ற முடியாது, லைவும் கிடையாது. 90 நாளுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரத் தடை, மூன்றாவது வந்தால் சேனலே போய்விடும். வேறு சேனலில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நண்பர் சொன்னார். அதுவே விதிமீறல் என்பதால் செய்யவில்லை.

வந்த மெயிலையும் ஸ்டூடியோவில் உள்ள விவரத்தையும் வரிவரியாகப் படித்தேன். எந்த நொடி பிரச்சினை என்று இல்லை. எனக்குத் தோன்றுவது, பேட்டரியை நெம்பும் இடம்தான். கையுறை, மணல் வாளி எல்லாம் காட்டியிருந்தேன், ஆனால் எச்சரிக்கை வாசகம் திரையில் இல்லை. வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது என்பதால் அதைத் தொடவில்லை. அப்பீல் ஒரே ஒரு முறைதான், இன்னும் போடவில்லை.

இதே மாதிரி பழைய பேட்டரி வீடியோக்கள் இன்னும் சில இருக்கின்றன. பிரைவேட் ஆக்கினாலும் விதி அவற்றுக்கும் பொருந்தும் என்பதால் அது பாதுகாப்பில்லை.

இந்த நிலைமையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: அப்பீல் போடுவதற்கு முன்பே அந்தப் பழைய வீடியோக்களை அழித்துவிடலாமா, முடிவு வரும்வரை அப்படியே விட்டுவைக்கலாமா?