மறைக்கல்வி ஆசிரியரின் முதல் கடிதம்: உங்களுக்கு என்ன நடந்தது?

மழைத்துளி
வருடத் தொடக்கத்தில் வரும் அந்தக் கடிதத்தை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். முதல் பருவத்தில் மத்தேயுவும் லூக்காவும் சொல்லும் இயேசுவின் பிறப்பு, வாரம் ஒரு பகுதி வீட்டில் வாசிக்க வேண்டும், "மதிப்பெண் நம்பிக்கைக்கு அல்ல, வாசிப்புக்கு" என்று ஒரு வரி. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முதல் தேர்வில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்கிறார் என்ற கேள்விக்கு மகள் "மூன்று" என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று சிவப்பு மை. நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், அதனால் கோபத்தோடு பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் விவாதிக்கவே இல்லை. விவிலியத்தைத் திறந்து இரண்டாம் அதிகாரத்தை என் பக்கம் திருப்பி, "எந்த வசனம் என்று காட்டுங்கள்" என்றார். விரலை வைத்துத் தேடினேன். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருக்கிறது. ஆட்கள் எண்ணிக்கை இல்லை. பக்கத்தில் மகள் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேர்வழி
ஆசிரியர் சொன்னதுதான் சரி. மூன்று என்பது பின்னால் வந்த வழக்கம். மத்தேயு, லூக்கா இருவருமே ஞானிகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஆனால் மறைக்கல்விக்கு மதிப்பெண் போடுவதே தப்பு. எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தில் அதைப் படித்ததும் நான் மறுப்பு எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை.

பதினான்கு வருட ஆசிரியை
நேர்வழி, லூக்காவில் ஞானிகளே வரமாட்டார்கள். அங்கே வருவது இடையர்கள். தீவனத்தொட்டியும் லூக்காவில்தான், மத்தேயுவில் ஞானிகள் நுழைவது ஒரு வீட்டுக்குள். கிறிஸ்துமஸ் குடிலில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தே வளர்கிறோம், அதனால் பிள்ளைகள் இரண்டு நூலையும் கலந்து எழுதுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வைக்கத்தான் முதல் பருவத்தில் இந்தப் பகுதி.

கடிதத்தில் நானும் ஒரு காலத்தில் தவறினேன். "நம்பிக்கையில் வளர்ப்போம்" என்று அழகாக எழுதி அனுப்பினேன். பருவ முடிவில் ஒரு தந்தை வந்து, "என் மகன் ஒரு ஞாயிறு திருப்பலியையும் விட்டதில்லை, எப்படி 52 போட்டீர்கள்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பையனுடைய பக்திக்கு நான் 52 போட்டதாக நினைத்திருக்கிறார். என் கடிதம்தான் அப்படி நினைக்க வைத்தது.

அடுத்த வருடம் கடிதத்திலேயே ஒரு மாதிரிக் கேள்வியும் இரண்டு விடைகளும் வைத்தேன். ஏரோது ஏன் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான்? "அவன் கொடியவன்" என்றால் 5க்கு 2. "விண்மீன் தோன்றிய காலத்தை ஞானிகளிடம் முன்பே விசாரித்திருந்தான், அந்தக் கணக்கில் இரண்டு வயது" என்றால் 5. முதல் விடையும் பொய்யில்லை, ஆனால் அதை எழுத நூலைத் திறக்கவே வேண்டாம். பெற்றோருக்கு அது புரிந்தது. அதற்குப் பிறகும் சண்டை வருகிறது, ஆனால் மதிப்பெண்ணைப் பற்றித்தான் வருகிறது, பிள்ளையின் பக்தியைப் பற்றி அல்ல.

அலைகடல்
எங்கள் கதை வேறு. நாங்கள் வேறு சமயம். கடிதத்தில் வகுப்பு தொடங்கும்போது செபம் உண்டு என்று இருந்தது, சேராத பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் மகன் கை கட்டாமல் தனியாக எழுந்து நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒலிவமரம்
எங்கள் வீட்டில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம், அதில் ஞானிகள் அல்ல, "சாஸ்திரிகள்". பிள்ளை அப்படியே எழுதினாள், ஆசிரியர் கேள்விக்குறி போட்டார். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் மழைத்துளிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் வந்த அன்றே எந்த மொழிபெயர்ப்பு என்று கேளுங்கள். வீட்டு வாசிப்பைத் தேர்வுக்கு முந்தைய இரவுக்குத் தள்ளாதீர்கள். பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் குறுக்கே கதை சொல்லாதீர்கள். முடிந்ததும் "இது எந்த வசனத்தில் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். வசனத்தைக் காட்ட முடியாமல் பிள்ளை கதையை மட்டும் சொன்னால், அது யாரோ சொல்லிக் கேட்டது. அப்புறம் மறுபடி வாசிக்க வையுங்கள்.

பதினான்கு வருட ஆசிரியை
அலைகடல், அந்த வரியை என் கடிதத்திலும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அமைதியாக உட்கார்ந்திருக்கலாம் என்று வகுப்பில் வாயால் சொல்வதோடு சரி. மகனின் ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மழைத்துளி
ஒலிவமரம், நான் அறிவுரை கேட்கவில்லை. ஆனால் குறுக்கே கதை சொல்வது நான்தான், அது உண்மை. திரும்பி வரும் வழியில் மகள், "அப்போ எத்தனை பேர்மா?" என்று கேட்டாள். மத்தேயு சொல்லவில்லை என்றேன். "அப்போ நீ ஏன் சொன்னே?" என்றாள்.