பதிலாள் படிவத்தின் தமிழாக்கம்: பெரியப்பா தலைகீழாகப் புரிந்துகொண்டார், எங்கே பிழை?

ஆலைக் கணக்கர்:
எங்கள் குடும்ப அரிசி ஆலை ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்கள் 27 பேரில் பாதிப் பேர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். செப்டம்பர் 26, வெள்ளி காலை 11 மணிக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம். வர இயலாதவர் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பி வாக்களிக்கச் செய்யும் பதிலாள் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். என் வரைவில் இப்படி இருக்கிறது:

"பதிலாள் உறுப்பினராக இருக்கக் கூடாது. படிவத்தைக் கூட்டத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இன்னாரை, அவர் தவறினால் இன்னாரை, கருத்துக்கணிப்பில் வாக்களிக்க நியமிக்கிறேன்."

பெரியப்பா, "என் தம்பியும் பங்குதாரன்தானே, அவனை அனுப்பக் கூடாதா?" என்கிறார். வியாழக்கிழமை கொண்டுவந்து தருவதாகவும் சொல்கிறார்.

மாடிவீடு:
எங்கள் அடுக்ககச் சங்கத்தில் வீட்டுக்காரரின் மனைவி வந்தாலே போதும், படிவமெல்லாம் கேட்பதில்லை.

பழைய செயலர்:
அது சங்கம், இது கம்பெனி. கணக்கரே, முதல் வரியே சட்டத்துக்கு எதிராகிவிட்டது. மூலம் சொல்வது, பதிலாள் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது. தம்பியும் வரலாம், மருமகனும் வரலாம்.

இரண்டாவது அதைவிட ஆபத்து. உங்கள் வாக்கியப்படி புதன் 11 மணிக்குப் பிறகுதான் படிவம் தர வேண்டும். உண்மையில் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும். மணிக்கணக்கே வேண்டாம், "செப்டம்பர் 24, புதன் காலை 11 மணிக்கு முன்" என்று எழுதிவிடுங்கள்.

"தவறினால்" என்பதைப் படிக்கும் பெரியவர்கள் யாரோ இறந்துபோவதைப் பற்றி நினைப்பார்கள். "அவர் வர இயலாவிட்டால்" போதும்.

சட்டப்பிரியன்:
பிரைவேட் கம்பெனிக்கு இந்த விதிகளே இல்லை. 2015இல் விலக்கு வந்துவிட்டது. ஏழு நாள் அறிவிப்பே போதும்.

பழைய செயலர்:
பாதி சரி. அந்த விலக்கு, கம்பெனியின் சொந்த விதிப் புத்தகம் வேறு விதமாகச் சொன்னால்தான். சொல்லாவிட்டால் 21 முழு நாள்கள் வேண்டும். தபாலில் அனுப்பினால், போட்டதிலிருந்து 48 மணி கழித்துத்தான் கிடைத்ததாகக் கணக்கு. கிடைத்த நாளும் கூட்ட நாளும் சேராது. செப்டம்பர் 1 போட்டால் 3 கிடைத்தது, 4 முதல் 24 வரை 21 நாள், 25 முதல் கூட்டம் நடத்தலாம். உங்கள் 26க்கு 2ஆம் தேதிதான் கடைசி.

ஆலைக் கணக்கர்:
விதிப் புத்தகத்தைப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை. கருத்துக்கணிப்பு?

பழைய செயலர்:
அது தேர்தல் நேரத்துப் பத்திரிகைச் சொல். இங்கே பங்கு எண்ணிக்கைப்படி நடக்கும் வாக்கெடுப்பு. கை உயர்த்தும்போது பதிலாளுக்கு வாக்கு இல்லை. பேசவும் உரிமை இல்லை. இதை அறிவிப்பிலேயே ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் மருமகன் கூட்டத்தில் சண்டை போடுவார். ஆங்கில மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

ஆலைக் கணக்கர்:
திருத்திவிட்டேன். "பங்குதாரர்" என்ற சொல்லைக் கூட்டு வியாபாரப் பங்காளி என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். "உறுப்பினர்" என்றால் சங்கமா என்கிறார் இன்னொருவர்.

பழைய செயலர்:
அதற்கு எனக்கும் நல்ல சொல் அகப்படவில்லை. நான் "பங்கு வைத்திருக்கும் உறுப்பினர்" என்று முதல் இடத்தில் மட்டும் எழுதுவேன்.