ஒன்பது கிடங்குகளை ஒன்றாக்கினாலும் பாதுகாப்பு இருப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையவில்லையே, ஏன்?

கணக்குப்பிள்ளை:
ஒரே பொருளை ஒன்பது சிறு கிடங்குகளில் வைத்து விற்கிறோம். ஒவ்வொன்றிலும் வாராந்தத் தேவையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 40 பெட்டிகள். ஆர்டர் கொடுத்துச் சரக்கு வந்து சேர 4 வாரங்கள் ஆகும். 95 விழுக்காடு சேவைக்கு 1.65 என்ற பெருக்கெண்ணைக் கொண்டால், கிடங்குக்கு 1.65 × 40 × √4 = 132 பெட்டிகளும், ஒன்பதுக்கும் சேர்த்து 1,188 பெட்டிகளும் பாதுகாப்பு இருப்பாக வேண்டும். ஒரே மையக் கிடங்காக மாற்றினால் இது 396 ஆகிவிடும் என்று படித்திருந்தேன். ஆனால் கடந்த 52 வார விற்பனையைக் கொண்டு கணக்கிட்டபோது 730 என்றே வருகிறது. எங்கே தவறினேன்?

நேர்கோடு:
வர்க்கமூல விதி மாறாது: கிடங்குகள் ஒன்பது என்றால் √9-ஆல் வகுக்க வேண்டும். ஆகவே 396-தான் சரியான விடை. உங்கள் தாளில் ஏதோ ஒரு கலம் தவறாக இருக்க வேண்டும்.

பழைய கிடங்கர்:
தாளில் தவறில்லை என்றே நினைக்கிறேன். வர்க்கமூல விதி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: ஒரு கிடங்கின் ஏற்ற இறக்கத்துக்கும் மற்றொன்றின் ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஓரிடத்தில் எதிர்பார்த்ததைவிட 50 பெட்டிகள் கூடுதலாகப் போகும் வாரத்தில் வேறோரிடத்தில் 30 குறைந்தால், பொதுக் கிடங்கு சமாளிக்க வேண்டியது வெறும் 20 தான். ஒன்றாக்குவதன் ஆதாயம் முழுவதும் இந்த ஈடுகட்டலில் இருக்கிறது. ஒன்பதும் ஒரே வாரத்தில் ஏறினால் ஈடுகட்ட யாரும் இல்லை.

உங்கள் எண்களிலிருந்தே பின்னோக்கிப் போகலாம். 730 என்றால் மொத்தத் தேவையின் திட்ட விலக்கம் சுமார் 221. தொடர்பே இல்லாவிட்டால் அது 120 ஆக இருந்திருக்கும். கிடங்குகளுக்கிடையே சராசரியாக 0.3 அளவு ஒட்டுறவு இருந்தால் இந்த 221 வரும். அந்த 0.3 மாறாதவரை எத்தனை கிடங்குகளைச் சேர்த்தாலும் பாதுகாப்பு இருப்பு பழைய அளவில் சுமார் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. ஒட்டுறவு கூடக்கூட ஆதாயம் தேய்கிறது என்பதை 1979-லேயே ஆய்வாளர் கேரி எப்பன் காட்டிவிட்டார்.

ஒட்டுறவைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை. ஒன்பது நெடுவரிசைகளையும் வாரவாரியாகக் கூட்டி, கூட்டுத்தொகை K நெடுவரிசையில் இருப்பதாகக் கொண்டு இதைப் போட்டால் போதும்:

```
=STDEV.S(K2:K53)
```

பிறகு K-இல் மிகப் பெரிய ஐந்தாறு வாரங்களை மட்டும் எடுத்து, அந்த வரிசைகளில் ஒன்பது கிடங்குகளும் சேர்ந்து உயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

உதிரிப்பாகம்:
எங்கள் அனுபவமும் இதேதான். நான்கு கிடங்குகளை மூடினோம். மொத்தச் சரக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. காரணம், வழங்குநர் விதித்த குறைந்தபட்ச ஆர்டர் அளவே மிகப் பெரியது.

பழைய கிடங்கர்:
அது வேறு கதை. உங்களிடம் குறையாமல் நின்றது, ஆர்டருக்கு ஆர்டர் வந்து தீரும் சுழற்சி இருப்பு. இங்கே கேட்கப்படுவது எதிர்பாராத தேவைக்காக ஒதுக்கி வைப்பது.

கணக்குப்பிள்ளை:
பார்த்தேன். மிகப் பெரிய ஆறு வாரங்களில் நான்கு, ஆண்டின் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்பதும் சேர்ந்தே ஏறியுள்ளன. மற்ற இரண்டும் நாங்கள் விலைக்குறைப்பு அறிவித்த வாரங்கள்.

பழைய கிடங்கர்:
அப்படியென்றால் விற்பனையின் திட்ட விலக்கத்தை எடுத்ததுதான் சிக்கல். பருவ உயர்வு முன்கூட்டியே தெரிந்தது. அதற்கு முன்னறிவிப்பில் இடம் கொடுத்துச் சரக்கை வரவழைப்போம், பாதுகாப்பு இருப்பைத் தொட மாட்டோம். முன்னறிவிப்புக்கும் உண்மைத் தேவைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, தனித்தனியாக வைக்கும் கணக்கையும் ஒன்றாக வைக்கும் கணக்கையும் மறுபடி போடுங்கள். சரக்குத் தீர்ந்திருந்த வாரங்களில் விற்பனை எண் தேவையைக் காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம். என் கணக்கை ஒருமுறை கெடுத்தது அதுதான்.

கணக்குப்பிள்ளை:
முன்னறிவிப்புப் பிழைகளைக் கொண்டு கணக்கிட்டதில், தனிக் கிடங்கின் விலக்கம் 34 ஆகவும் மொத்தத்தின் விலக்கம் 151 ஆகவும் குறைந்தன. தனித்தனியாக வைத்தால் சுமார் 1,010 பெட்டிகள், ஒன்றாக வைத்தால் 498. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பாதி. விலைக்குறைப்பு வாரங்கள் இரண்டும் இன்னும் உறுத்துகின்றன, அவற்றை நீக்கிவிடலாமா?

நேர்கோடு:
நீக்கிவிடுங்கள், 396-க்கு அருகில் வந்துவிடும்.

பழைய கிடங்கர்:
விலைக்குறைப்பை விற்பனைப் பிரிவு 4 வாரங்களுக்கு முன்பே உங்களிடம் சொல்லுமானால் நீக்கலாம். சொல்லாது என்றால் அது எதிர்பாராத தேவையேதான், கணக்கில் இருக்கட்டும். எது எப்படியானாலும் 396 வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
அவர்கள் ஒரு வாரத்துக்கு முன்புதான் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு கிடங்குகளின் வாடிக்கையாளர்கள் அன்றைக்கே சரக்கு வேண்டும் என்பவர்கள். மற்ற ஏழு கிடங்குகளை மட்டும் ஒன்றாக்கி அந்த இரண்டையும் அப்படியே விட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று இனிதான் பார்க்க வேண்டும்.