ரேட்டைக் கம்மி பண்ணச் சொன்ன வாடிக்கையாளருக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?

காட்பாடி, மாடி ஒழுகல் வேலை:
ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. மாடி 1,000 சதுர அடி. அடிக்கு 45 ரூபாய்னு 45,000 சொன்னேன். "தம்பி, இன்னொருத்தர் முப்பதுக்கே செய்றேன்றார். நீ 38 போடு"ன்னார்.

நான் அவரை மாடிக்குக் கூட்டிப் போனேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில ஒரு ரூபாய்க் காசு நேரா உள்ளே இறங்குச்சு. "சார், நடுவுல எத்தனை கோட்டிங் அடிச்சாலும் தண்ணி இந்த வழியாத்தான் இறங்கும். மூலை பூரா சுரண்டணும், பாலிமர் கலவையைச் சாய்வாப் பூசணும், வலை வெச்சு அடிக்கணும், கடைசியில ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பார்க்கணும். கூலி அதிகமாப் போறது இதுலதான். 38-க்கு ஒத்துக்கிட்டா இதுலதான் கைவைக்கணும். அதைச் செய்யமாட்டேன்"னேன்.

அவர் முகம் வாடிடுச்சு. அதனால மாடிப்படி அறை மேல்தளத்தைக் காட்டினேன். தனித்தளம், 120 சதுர அடி, கீழே யாரும் குடியிருக்கலை, விரிசலும் இல்லை. "இதை மட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். 5,400 குறையும். ரேட் அதேதான்." 39,600-க்கு வேலை முடிஞ்சது.

ஆம்பூர், ஷூ அப்பர் ஜாப் ஒர்க்:
இவ்வளவு பேசணுமா அண்ணே? நான் முதல்லயே பத்து சதவீதம் ஏத்திச் சொல்லிட்டு அப்புறம் குறைப்பேன். கேக்கறவங்களுக்கும் திருப்தி.

காட்பாடி:
ஒரு தடவை வர்றவங்ககிட்ட அது செல்லும் தம்பி. எனக்கு வேலையே பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் வருது. ரெண்டு வீட்டு பில்லைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, பேரம் பேசாதவர் ஏமாந்தவர் ஆயிடுவார்.

குடியாத்தம்:
எங்க வீட்லயும் ஹால் மட்டும்தான் ஒழுகுது. ஹாலுக்கு மேல மட்டும் அடிச்சா பாதிக் காசு மிச்சம்தானே?

காட்பாடி:
மேலே தட்டோடு போட்டிருக்கா? அப்போ வேணாம். ஓட்டுக்கு அடியில தண்ணி ஓடும், ஒரு பக்கம் இறங்கி வேற பக்கம் சொட்டும். படி அறையை நான் விட்டதே அது தனித்தளம்ங்கறதாலதான்.

ராணிப்பேட்டை, கணக்கு வேலை:
ஒரு கடைக்காரர் மாசக் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார். போன வருஷம் சப்ளையர் ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஏத்தாம விட்ட பில்லுகளைத் தேடிப் பிடிச்சு, அவருக்கு வரவேண்டிய ஜிஎஸ்டி கிரெடிட்டை வாங்கிக் கொடுத்ததை எடுத்துக் காட்டினேன். பில்லுகளைத் தேதிவாரியா அடுக்கி, எக்செல்ல ஏத்தி அவரே கொடுத்தா அந்த வேலைக்கான காசை மட்டும் கழிக்கிறேன்னேன். ரெண்டு மாசம் கொடுத்தார், அப்புறம் பழைய கட்டணத்துக்கே வந்துட்டார்.

அண்ணே, ஒரு சந்தேகம். மூலைக்கு இவ்வளவு, தண்ணி கட்ட இவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் கொடுப்பீங்களா? நான் பிரிச்சா வரிக்கு வரி பேரம் பேசறாங்க.

காட்பாடி:
வேலையைப் பிரிச்சு எழுதுவேன், தொகையைப் பிரிக்கமாட்டேன். அப்பவும் "அந்தத் தண்ணி கட்டறதை விட்டுடுங்க"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. அவங்களுக்கு வாரண்டி எழுதித் தர்றதில்லை. அதுல ரெண்டு வேலை கையைவிட்டுப் போச்சு.