ஒப்பு வளர்ச்சி வீதம் இறங்குகிறது, கட்டுரைகளோ கூடுகின்றன: எப்படி எழுதுவது, எந்தச் சோதனை பொருந்தும்?

கார்முகில்:
வணக்கம். நூலக அறிவியல் ஆய்வேட்டின் நான்காம் இயலை இந்த வாரத்துக்குள் நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். என் அட்டவணையில் ஒப்பு வளர்ச்சி வீதம் 0.75இல் தொடங்கி 0.16 வரை இறங்குகிறது. இரட்டிப்புக் காலம் 0.92 ஆண்டிலிருந்து 4.36 ஆண்டாக ஏறுகிறது. இத்துறையின் வளர்ச்சி தேய்கிறது என்று இதிலிருந்து முடிவு கூறலாமா? அடுத்து, ஒற்றை ஆசிரியர், இரு ஆசிரியர், மூவரும் அதற்கு மேலும் என்று கட்டுரைகளைப் பிரித்து, மேற்கோள் எண்ணிக்கைக்கு அனோவா செய்தேன். வேறுபாடு இல்லை என்று வந்தது. லெவீன் சோதனையும் சரிப்படவில்லை. எந்தச் சோதனை பொருந்தும்?

நெய்தல்:
தரவு எந்தத் தளத்திலிருந்து, எந்த மாதத்தில் இறக்கப்பட்டது? ஸ்கோபஸில் உள்ள எண்ணிக்கையும் கூகுள் ஸ்காலரில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இரா. ஒப்பு வளர்ச்சி வீதத்தை ஆண்டு எண்ணிக்கையில் கணக்கிட்டீர்களா, திரள் கூட்டுத்தொகையிலா? ஒவ்வொரு குழுவிலும் சராசரியும் திட்ட விலக்கமும் எவ்வளவு? இவை தெரியாமல் சோதனையின் பெயரைச் சொல்வது பயன்படாது.

தொன்மரம்:
இதே வகைக் கேள்வி இங்கே மாதந்தோறும் வருகிறது. கருதுகோளை எழுதிய பிறகு சோதனையைத் தேடுவது முறையன்று. ஆய்வு வடிவமைப்பின்போதே அதைத் தீர்மானித்திருக்க வேண்டும். அடிப்படைப் புள்ளியியல் நூல் ஒன்றை முதலில் முழுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.

கயல்விழி:
என் ஆய்வில் லோட்கா விதியைப் பொருத்தியபோது கோல்மோகொரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையைப் பயன்படுத்தினேன், நெறியாளர் ஏற்றுக்கொண்டார். நீங்களும் ஆசிரியர்களின் பங்களிப்பைப் பற்றியே கேட்பதால் அதையே செய்யலாம்.

நெய்தல்:
கயல்விழி அவர்களே, ஓர் ஆசிரியர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதற்கு உரியது லோட்கா விதி. இங்கே கேள்வி, ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோளாகிறது என்பது பற்றியது.

கார்முகில்:
விவரங்கள்: ஸ்கோபஸ், மார்ச் 2024இல் இறக்கியது. 2014 முதல் 2023 வரை ஆண்டுவாரியாக 42, 47, 51, 58, 66, 71, 83, 88, 97, 104. மொத்தம் 707 கட்டுரைகள். வீதம் திரள் தொகையில் கணக்கிட்டது. ஒற்றை ஆசிரியர் கட்டுரைகள் 148, சராசரி 9.1, திட்ட விலக்கம் 50.2. அக்குழுவில் ஒரு மீளாய்வுக் கட்டுரைக்கு மட்டும் 611 மேற்கோள்கள் உள்ளன.

நெய்தல்:
இப்போது தெளிவாகிறது. முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மாறாமல் 50 கட்டுரைகளே வெளிவரும் ஒரு துறையைக் கற்பனை செய்யுங்கள். திரள் தொகை 50, 100, 150, 200 என்று போகும். அதன் மடக்கை வேறுபாடுகள், அதாவது ஒப்பு வளர்ச்சி வீதங்கள், 0.693, 0.405, 0.288 என்று இறங்கிக்கொண்டே போகும். கூடுதலும் குறைதலும் இல்லாத துறையிலும் உங்கள் அட்டவணை 'தேய்வைக்' காட்டியே தீரும். உங்களுடைய 0.75, 89ஐ 42ஆல் வகுத்து மடக்கை எடுத்ததிலிருந்து வருகிறது. தொடக்க ஆண்டுக்கு முன்னால் வெளிவந்த கட்டுரைகள் எதுவும் கணக்கில் இல்லாததால்தான் அது அவ்வளவு பெரிதாக இருக்கிறது. தரவை 2010இலிருந்து இறக்கியிருந்தால் அதே 2015க்கு வேறொரு வீதம் கிடைத்திருக்கும். ஆகவே அந்த இறக்கம் துறையைப் பற்றி எதுவும் கூறவில்லை.

ஆண்டு எண்ணிக்கையின் மடக்கையை ஆண்டுக்கு எதிராகப் பொருத்துங்கள்.

```
m <- lm(log(papers) ~ year, data = d)
confint(m)
```

உங்கள் எண்களைக் கையால் கணக்கிட்டேன், சாய்வு 0.1037 வருகிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 10.9 விழுக்காட்டு வளர்ச்சி. ஆண்டு வெளியீடு இரட்டிப்பாகச் சுமார் 6.7 ஆண்டுகள். நம்பக இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள். திரள் தொகையை ஆண்டுக்கு எதிராகப் பொருத்தி, விளக்கமாறுபாடு 0.99 என்று பெருமையாக எழுதுவதையும் தவிருங்கள். முந்தைய ஆண்டுகளின் தொகை ஒவ்வொரு புள்ளியிலும் அடங்கியிருப்பதால், அந்த எண் எப்போதுமே உயர்வாகத்தான் வரும்.

எண்ணரசன்:
மேற்கோள் பகுதிக்கு என் யோசனை: எண்ணிக்கையுடன் 1ஐக் கூட்டி மடக்கை எடுத்து, அதன்மேல் அனோவா செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பரவல் சீராகிவிடும்.

நெய்தல்:
பாதிச் சிக்கல் தீரும். 611 என்ற ஒற்றை எண்ணின் இழுவை குறையும் என்பது உண்மை. அதை நீக்கினாலே 148 கட்டுரைகளின் சராசரி 9.1, 147 கட்டுரைகளின் சராசரி 5.0 ஆகிவிடுகிறது. ஆனால் மேற்கோளே பெறாத கட்டுரைகள் மடக்கைக்குப் பிறகும் பூச்சியத்திலேயே குவிந்து நிற்கும். அதைவிட முக்கியமானது கட்டுரையின் வயது. 2014 கட்டுரைக்குப் பத்தாண்டுகள் கிடைத்தன. 2023 கட்டுரைக்குச் சில மாதங்களே. பெரும்பாலான துறைகளில் கூட்டாசிரியர் கட்டுரைகள் பிற்கால ஆண்டுகளில் மிகுதியாக இருப்பதால், குழுக்களின் வேறுபாட்டில் வயதின் வேறுபாடும் கலந்துவிடும். எந்த மடக்கையாலும் அதைப் பிரிக்க முடியாது.

ஸ்கோபஸின் மேற்கோள் விவரத்தில் ஆண்டுவாரி எண்ணிக்கை கிடைக்கும். வெளியான ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் என்று மேற்கோள் சாளரத்தை நிலையாக வையுங்கள். அப்போது 2021 வரையிலான 506 கட்டுரைகள் மட்டுமே தகுதி பெறும். அதையும் வெளிப்படையாகக் கூறுங்கள். பிறகு குருஸ்கல்–வாலிஸ் சோதனை, அதன்பின் ஹோல்ம் திருத்தத்துடன் டன் சோதனை. அட்டவணையில் சராசரியுடன் இடைநிலையும் கால்மான இடைவீச்சும் பூச்சிய மேற்கோள் விழுக்காடும் இருக்கட்டும். அந்த 611ஐ நீக்க வேண்டாம். அது மீளாய்வுக் கட்டுரை என்பதை உரையில் எழுதினால் போதும்.

தொன்மரம்:
அடிப்படையையே யாரும் கேட்கவில்லை. தளத்திலுள்ள எல்லாக் கட்டுரைகளையும் எடுத்துவிட்ட பிறகு இது மாதிரியன்று, முழுத் தொகுதி. மாதிரி இல்லாத இடத்தில் பி-மதிப்புக்கு என்ன பொருள்?

எண்ணரசன்:
அவ்வாறானால் நூலளவியலில் எவருமே சோதனை செய்யக்கூடாது என்றாகிவிடும். இக்கட்டுரைகளை உருவாக்கிய செயல்முறை வேறொரு முறை இயங்கினால் வேறு எண்கள் வந்திருக்கலாம். அந்த நிலையாமையைத்தான் சோதனை அளக்கிறது.

தொன்மரம்:
அந்தச் செயல்முறையை யாரும் கண்டதில்லை. கட்டுரைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானமும் இங்கே பொருந்தாது. ஒரே ஆய்வுக்குழு தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டுகிறது.

நெய்தல்:
இதில் இரு தரப்புக்கும் ஆதரவாளர்கள் உண்டு, இந்த இழையில் அது முடியாது. சார்பின்மை பற்றித் தொன்மரம் ஐயா கூறுவது கனமான ஆட்சேபம். தன்மேற்கோள்களை நீக்கியும் ஒரு முறை கணக்கிடுவது நல்லது. எப்படியிருந்தாலும் விளைவின் அளவை எழுதினால், பி-மதிப்பை ஏற்காதவருக்கும் படிக்க ஏதேனும் இருக்கும்.

கார்முகில்:
சாளரத்துடன் செய்து பார்த்தேன்: எச் = 19.6, கட்டின்மை எண் 2, பி < 0.001, எப்சிலான் வர்க்கம் 0.039. வளர்ச்சி அட்டவணையை மாற்றிவிட்டேன். நெறியாளர் பழைய அட்டவணையையும் வைக்கச் சொல்கிறார். நன்றி.

நெய்தல்:
வைக்க வேண்டியிருந்தால், திரள் தொகையில் கணக்கிட்டது என்றும் இறக்கம் கணக்கீட்டு முறையால் வருவது என்றும் அட்டவணையின் அடியிலேயே எழுதிவிடுங்கள். 0.039 சிறிய விளைவு; 506 கட்டுரைகளில் அதுவும் பி-மதிப்பைத் தாழ்த்திவிடும். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம்.

கயல்விழி:
ஓர் ஐயம். 42இலிருந்து 66 வரை ஆண்டுக்கு 12.0 விழுக்காடு வருகிறது. 71இலிருந்து 104 வரை 10.0 விழுக்காடுதான். அப்படியானால் சற்றே தேய்வு உண்மையிலேயே இருக்கிறதல்லவா?

நெய்தல்:
நல்ல கவனிப்பு. இருக்கலாம், ஆண்டுக்குச் சுமார் ஏழு கட்டுரைகள் கூடும் நேர்கோடும் இதே எண்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது, அதில் விழுக்காடு தானாகவே குறையும். பத்துப் புள்ளிகளை வைத்து இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல இயலாது. 2024 முழுமையாக வரவாகி, பிந்திப் பதிவாகும் 2023 கட்டுரைகளும் சேர்ந்த பிறகு மறுபடி பார்க்கலாம்.