கொடை நிகழ்ச்சி நிரலும் 21 நெருப்பும்

பொருநைக்கரை: எங்க ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு இணையப் பக்கம் போட்டேன். கிழமைகள் தடித்த எழுத்தில் இருக்கு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால மூணு 🔥. பார்வையில்லாத எங்க மாமா, "சாமக்கொடை எப்பன்னு கண்டுபிடிக்கவே முடியலடே" என்கிறார். எமோஜியை எல்லாம் எடுத்துடணுமா?

மேலரதவீதி: எல்லாத்தையும் எடுத்துடுங்க. திரைவாசிப்பானுக்கு எமோஜியே ஆகாது.

கேட்டறிவோன்: அப்படி இல்லை அண்ணாச்சி. நான் பத்து வருஷமா என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் படிக்கிறேன். எமோஜி வந்தால் அதன் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். வாக்கியக் கடைசியில் ஒன்று வந்தால் எனக்குத் தொந்தரவே இல்லை. இங்கே ஏழு நிகழ்ச்சி, வரிக்கு மூன்று. நேரத்தைக் கேட்பதற்குள் 21 தடவை "ஃபயர்" கேட்டாக வேண்டும்.

ஆனால் மாமா தடுமாறியது பெரும்பாலும் தலைப்பால்தான். நாங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே முழுசாகக் கேட்பதில்லை. H விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவோம். தடித்த எழுத்து கண்ணுக்குத்தான் தலைப்பு. உங்கள் பக்கத்தில் H அழுத்தினால் அடுத்த தலைப்பு இல்லை என்றே பதில் வரும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

```
<h2>செவ்வாய்</h2>
<ul>
  <li>காலை 9: பால்குடம்</li>
  <li>பகல் 1: மதியக் கொடை</li>
  <li>இரவு 12: சாமக்கொடை</li>
</ul>
```

இப்போது H அழுத்தினால் "செவ்வாய்" வரும். பட்டியலில் நுழைந்ததும் மூன்று உருப்படி என்று சொல்லிவிடும். அப்புறம் I விசையில் ஒவ்வொன்றாகப் போகலாம், வேண்டாததைத் தாண்டலாம். எமோஜியை வரிமுனையில் வைத்தால் அது பட்டியல் ஆகாது, வெறும் வரிகள்தான்.

தென்காசிச்சாரல்: நான் வாட்ஸ்அப்பில் நட்சத்திரக்குறி போட்டுத் தடித்த எழுத்தில் அனுப்புகிறேனே, அது தலைப்பாக வருமா? எங்க அத்தை ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் திரைவாசிப்பான் வைத்திருக்கிறார்.

கேட்டறிவோன்: வராது அக்கா. அங்கே தலைப்பே கிடையாது. முதல் வரியிலேயே நாளையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

மேலரதவீதி: சரி, தலைப்பு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்விடிஏ அமைப்பிலேயே எமோஜி வாசிப்பை அணைக்கலாமே? மாமா அணைத்துக்கொள்ளட்டும்.

கேட்டறிவோன்: அணைத்தால், பேரன் வெறும் 👍 மட்டும் பதிலாக அனுப்பும்போது அது அவருக்குத் தெரியாமல் போகலாம். ஒரு பக்கத்தின் அலங்காரத்துக்காக அவர் ஏன் அதை இழக்கணும்? நெருப்பு வேண்டும் என்றால் கிழமைக்கு ஒன்று வையுங்கள், அதையும் மறைத்து வையுங்கள்:

```
<h2><span aria-hidden="true">🔥</span> செவ்வாய்</h2>
```

கண்ணுக்குத் தெரியும், காதில் விழாது.

பொருநைக்கரை: மாற்றிட்டேன். புள்ளிகள் அழகாக இல்லைன்னு `list-style: none` கொடுத்திருக்கேன். பரவாயில்லையா?

கேட்டறிவோன்: என்விடிஏவில் எனக்கு இதுவரை சிக்கல் வந்ததில்லை. ஐபோன் சஃபாரியில் அப்படிக் கொடுத்தால் அதன் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்று சொல்லாது. `<ul role="list">` என்று எழுதினால் சரியாகும்.

மேலரதவீதி: புள்ளியை எடுத்தால் அது பட்டியலே இல்லை என்று சஃபாரி முடிவு செய்வது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கேட்டறிவோன்: எனக்குப் படவில்லை. எத்தனை நிகழ்ச்சி பாக்கி என்று எனக்கு எப்படித் தெரியும்?

பொருநைக்கரை: role சேர்த்துட்டேன். ராத்திரி மாமா வீட்டுக்குப் போய் H அழுத்தச் சொல்லிப் பார்க்கிறேன்.